தரையிறங்காமல் மிதந்தே மதிப்பெண் வாங்கும் ட்ரோன்: ரிவார்டில் ஓட்டை எங்கே?

நிலாமுற்றம் | மார்ச் 3, இரவு 10.42

பைபுல்லட் சிமுலேட்டரில் ஒரு சின்ன குவாட்காப்டருக்குத் தரையிறங்கப் பழக்குகிறேன். அல்காரிதம் பிபிஓ. நொடிக்கு 48 முறை முடிவெடுக்கும், ஒரு எபிசோடு 10 நொடி, அதாவது 480 ஸ்டெப். தளத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி ஆரம்பிக்கும். என் ரிவார்டு இதுதான்:

```python
r = 1.0 - dist / 2.0
if landed:  r += 100
if crashed: r -= 100
```

இறங்கினாலும் மோதினாலும் எபிசோடு முடிந்துவிடும். பின்னால் வரும் ரிவார்டை ஸ்டெப்புக்கு ஸ்டெப் தள்ளுபடி செய்யும் காமா 0.99.

மொத்த ரிவார்டு வரைபடம் அழகாக ஏறி 400 பக்கத்தில் நிற்கிறது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால் ட்ரோன் தளத்துக்கு நேர் மேலே 20 செ.மீ. உயரத்தில் வந்து நின்றுகொள்கிறது. பத்து நொடியும் அங்கேயே. இறங்குவதே இல்லை. இன்னும் அதிக நேரம் பழக்க வேண்டுமா?

ரோட்டர்ராஜா | மார்ச் 3, இரவு 11.05

போனஸ் பத்தாது. 100 ஐ 1000 ஆக்குங்கள். அப்புறம் காமா 0.99 என்றால் ஏஜென்ட்டுக்குக் கிட்டப்பார்வை. 48 ஹெர்ட்ஸில் 100 ஸ்டெப் என்பது இரண்டு நொடிதான். இறங்கும் போனஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. 0.999 வையுங்கள், தூரத்தில் இருக்கும் போனஸ் தெரியும். நிலவில் கலத்தை இறக்கப் பழக்கும் லூனார்லேண்டரில் நான் இப்படித்தான் செய்தேன், ஓடியது.

வயல்ட்ரோன் | மார்ச் 4, காலை 6.20

எனக்கும் இதே பிரச்சினை. மருந்து தெளிக்கிற ட்ரோன், இறங்கும்போது அரை அடி மேலே நின்றுகொண்டு தயங்கும். அடியில் இருக்கிற உயர சென்சாரில் தூசி இருந்தால் இப்படி வரும், துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பயிருக்கு நடுவே இறக்கினால் இலை நுனியைத் தரை என்று நினைத்துக்கொள்ளும், அதுவும் ஒரு காரணம்.

நிலாமுற்றம் | மார்ச் 4, காலை 8.15

அண்ணா, இது நிஜ ட்ரோன் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஓடுவது. சென்சாரே கிடையாது, இடமும் வேகமும் துல்லியமாகத் தெரியும். ஆனாலும் நன்றி.

ரோட்டர்ராஜா, காமா 0.999 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இன்னும் உறுதியாக மிதக்கிறது. முன்பாவது எப்போதாவது தரையைத் தொட்டுப் பார்க்கும். இப்போது அதுவும் இல்லை.

மங்கை | மார்ச் 4, மதியம் 1.30

அதிக நேரம் பழக்கத் தேவையில்லை. நீங்கள் கேட்டதை அது ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு தாளில் கணக்குப் போட்டால் தெரியும்.

20 செ.மீ. மேலே நின்றால் ஸ்டெப்புக்கு 0.9. காமா 0.99 என்றால் அப்படியே நிற்பதன் மதிப்பு 0.9 / 0.01 = 90.

இறங்குவதாக இருந்தால்: நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் 20 செ.மீ. இறங்க அரை நொடி, 24 ஸ்டெப். 0.99 இன் 24 ஆவது அடுக்கு சுமார் 0.79. போனஸில் 79 கிடைக்கும், வழியில் சேரும் சில்லறை ஒரு 20. மொத்தம் 99. மிதப்பதைவிட 9 தான் அதிகம்.

இது ஒருமுறைகூட மோதாமல் இறங்கத் தெரிந்த ஏஜென்ட்டுக்கு. பத்தில் ஒருமுறை மோதும் என்று வையுங்கள். போனஸின் சராசரி 0.9 × 100 − 0.1 × 100 = 80. தள்ளுபடி போக 63, சில்லறையோடு 83. மிதப்பதன் 90 ஐவிடக் குறைவு. இருபதில் ஒருமுறை மோதினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. பழக ஆரம்பித்த ஏஜென்ட் இருபதில் ஒன்றா மோதும்? பாதிக்கு மேல் மோதும். ஆகவே இறங்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே மிதப்பது நல்லது என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. மிதக்க ஆரம்பித்தபின் இறங்கிப் பழக வாய்ப்பே வராது.

காமா 0.999 என்றால் மிதப்பதன் மதிப்பு 0.9 / 0.001 = 900. இறங்கினால் 120 தேறும். தூரப்பார்வை வந்ததும் தூரத்தில் அதற்குத் தெரிந்தது போனஸ் இல்லை, இன்னும் நிறைய மிதவை.

ரோட்டர்ராஜா சொன்னது லூனார்லேண்டரில் ஓடியதற்குக் காரணம், அங்கே பக்கத்தில் சும்மா நின்றால் ஸ்டெப்புக்கு ஒன்றும் கிடைக்காது. இன்ஜின் எரிந்தால் கழியும். இங்கே நிற்பதற்குச் சம்பளம் தருகிறீர்கள்.

ரோட்டர்ராஜா | மார்ச் 4, மதியம் 2.02

காமா சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனஸ் 1000 உங்கள் கணக்கிலேயே வேலை செய்யுமே? 0.9 × 1000 − 10 = 890, அதில் 0.79 என்றால் 700. மிதவைக்கு 90 தான்.

மங்கை | மார்ச் 4, மதியம் 2.40

காமா 0.99 இல் மிதவையை ஜெயிக்கும். ஆனால் அதே கணக்கில் மோதுவதையும் பாருங்கள். பத்தில் மூன்று முறை இறங்கி ஏழு முறை மோதினால் 300 − 70 = 230. அதுவே மிதவையைவிட லாபம். அவசரமாக வந்து விழுந்து பார்க்கச் சொல்லித் தருகிறோம். இன்னொன்று, `landed` என்பதை எப்படிச் சோதிக்கிறார் என்று அவர் காட்டவே இல்லை. அதில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் இப்போது அதன் விலை 1000.

பிஐடிபோதும் | மார்ச் 4, மாலை 5.10

இடமும் வேகமும் துல்லியமாகத் தெரிந்த சிமுலேட்டரில் தரையிறங்க இதெல்லாம் எதற்கு? ஒரு பிஐடி, உயரத்துக்கு ஒரு இறங்கு வேகம், ஐம்பது வரி கோடு. முடிந்தது.

நிலாமுற்றம் | மார்ச் 4, இரவு 9.30

பிஐடிபோதும், உண்மைதான், ஆனால் அடுத்த கட்டம் ஆடும் படகின் மேல் இறங்குவது. இது அதற்கு முந்தைய படி.

மங்கை, நிற்பதற்குச் சம்பளம் என்று சொன்னது புரிந்தது. அதனால் மைனஸாக மாற்றினேன்: `r = -dist / 2.0`. தூரமாக இருந்தால் ஸ்டெப்புக்கு −1, தளத்தில் 0. போனஸ், மோதல் இரண்டும் பழையபடி 100. மிதப்பதில் இனி லாபமில்லை.

முடிவு: ஆரம்பித்த உடனே மோட்டாரை அணைத்துவிட்டுக் கல் மாதிரி விழுகிறது. எல்லா எபிசோடும் அரை நொடி சொச்சம்தான்.

மங்கை | மார்ச் 4, இரவு 10.15

இதற்கும் கணக்கு உண்டு. 2 மீட்டர் உயரத்தில் எதுவும் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தால் −1 / 0.01 = −100. விழுந்தால் 0.64 நொடி, 31 ஸ்டெப். மோதலின் −100 தள்ளுபடி போக −73. வழியில் ஒரு −18. மொத்தம் −91. சாவது ஒன்பது புள்ளி லாபம்.

நன்றாக இறங்கத் தெரிந்தால் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தெரியாத ஏஜென்ட்டின் கையில் இருக்கும் இரண்டு வழிகளில் விழுவதுதான் மலிவு. ஸ்டெப்புக்குப் பிளஸ் போட்டால் எபிசோடை நீட்டப் பார்க்கும், மைனஸ் போட்டால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கும். எபிசோடை முடிக்கும் அதிகாரம் ஏஜென்ட்டின் கையில் இருக்கும்வரை இது இருக்கும். எந்த ரிவார்டு எழுதினாலும் பழக்குவதற்கு முன் மூன்று முட்டாள் பாலிசிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்படியே மிதப்பது, உடனே விழுவது, மேலும் கீழும் ஆடுவது. மூன்றும் ஒரு சுமாரான இறக்கத்தைவிடக் குறைவாக வர வேண்டும். சுமாரான இறக்கம் என்றால் பத்துக்கு மூன்று மோதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சிதமான இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

நிலாமுற்றம் | மார்ச் 6, இரவு 11.50

மேலும் கீழும் ஆடுவது என்று நீங்கள் எழுதியபோது யார் அப்படி ஆடும் என்று நினைத்தேன்.

லூனார்லேண்டர் கோடைப் பார்த்தேன். அங்கே தூரத்துக்கு ரிவார்டு இல்லை, தூரம் குறைந்ததற்குத்தான். தூரத்தின் எடை 100. அதையே எடுத்துக்கொண்டேன். விலகிப்போனால் தண்டிக்க வேண்டாம், தேடிப் பார்க்கட்டும் என்று மைனஸை மட்டும் வெட்டிவிட்டேன்:

```python
r = 100 * max(0.0, prev_dist - dist)
```

இப்போது ட்ரோன் தளத்துக்கு மேலே அரை மீட்டர் ஏறி இறங்கி ஏறி இறங்கி யோயோ மாதிரி ஆடுகிறது. நொடிக்கு ஒரு சுற்று. ரிவார்டு வரைபடம் இதுவரை இல்லாத உயரம். என் தங்கைக்குக் காட்டினேன், அதற்கு நடனம் கற்றுத்தந்திருக்கிறாய் என்றாள்.

மங்கை | மார்ச் 7, காலை 7.45

இது இந்தத் துறையின் பழைய கதை. 1998 இல் டென்மார்க்கின் ராண்ட்லோவ், ஆல்ஸ்ட்ரோம் இருவரும் சிமுலேட்டரில் சைக்கிள் ஓட்டப் பழக்கினார்கள். இலக்கை நோக்கிப் போனால் பரிசு, விலகினால் தண்டனை இல்லை. சைக்கிள் ஆரம்பித்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் இலக்கை நோக்கித்தானே போகிறது.

உங்களுடையதில் ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் இறக்கம், 50 புள்ளி. 48 ஸ்டெப்புக்கு 50 என்றால் ஸ்டெப்புக்கு ஒன்றுக்குச் சற்று மேல். தள்ளுபடியோடு 100 ஐத் தாண்டும். 20 செ.மீ. உயரத்திலிருந்து மோதாமல் இறங்கினாலே 97 தான். `max` ஐ எடுத்துவிடுங்கள். ஏறும்போது போனது இறங்கும்போது திரும்ப வந்தால் ஆடுவதில் ஒன்றும் மிஞ்சாது.

முறையாகச் செய்வதென்றால் அடுத்த ஆண்டே, 1999 இல், இங், ஹராடா, ரஸ்ஸல் மூவரும் காட்டிய வழி. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எண். அதன் மாற்றத்தை மட்டும் ரிவார்டில் சேர்ப்பது. காமாவையும் சேர்த்து எழுதினால் எது சிறந்த பாலிசி என்பது மாறாது என்று நிறுவியிருக்கிறார்கள்.

```python
phi_new = 0.0 if terminated else -10 * dist
r = gamma * phi_new - phi_old
phi_old = phi_new
```

இதன் மேல் +100, −100 அப்படியே. முடிவு நிலையில் 0 என்ற அந்த வரியை விட்டுவிடாதீர்கள். பத்து நொடி தீர்ந்து எபிசோடு வெட்டப்படுவது முடிவு அல்ல. அது `truncated`, அங்கே 0 போடக்கூடாது.

ரோட்டர்ராஜா | மார்ச் 7, காலை 9.20

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1 மீட்டர் தள்ளி அசையாமல் நின்றால் 0.99 × (−10) + 10 = +0.1. ஸ்டெப்புக்கு 0.1 பிளஸ்! 2 மீட்டர் தள்ளி நின்றால் 0.2. தூரமாக நிற்க நிற்க அதிகம். பழைய மிதவைச் சம்பளமே தலைகீழாகத் திரும்பி வந்துவிட்டது.

நிலாமுற்றம் | மார்ச் 7, மதியம் 12.30

நானும் ஒன்று பார்த்தேன். தளத்தை விட்டு 1.8 மீட்டர் தள்ளி விழுந்தால் கடைசி ஸ்டெப்பில் +18 வருகிறது. தூரமாகப் போய் விழுந்ததற்கு ஏன் பரிசு?

மங்கை | மார்ச் 7, இரவு 8.50

இரண்டு பேரும் ஒரு ஸ்டெப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கிறீர்கள். எபிசோடு முழுவதையும் தள்ளுபடியோடு கூட்டுங்கள். நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஆரம்பமும் முடிவும்தான் மிஞ்சும். முடிவு 0. ஆரம்பம் 2 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை எப்போதும் 20. மிதந்தாலும் 20, ஆடினாலும் 20, தள்ளிப் போய் விழுந்தாலும் 20, இறங்கினாலும் 20. 1 மீட்டரில் என்றென்றும் நின்றால் 0.1 / 0.01 = 10, அங்கே வந்து சேர்ந்ததற்கான பங்கோடு அதே 20. அந்த +18 என்பது அது தூரத்திலேயே இருந்ததால் இதுவரை வாங்காமல் விட்ட பாக்கி.

எல்லாப் பாலிசிக்கும் ஒரே தொகை என்பதால் எது சிறந்தது என்பதை +100, −100 மட்டுமே தீர்மானிக்கும். வழிகாட்டுவது மட்டும்தான் இதன் வேலை.

பிஐடிபோதும் | மார்ச் 7, இரவு 9.15

தேற்றம் சரி. ஆனால் லூனார்லேண்டரில் காமாவும் இல்லை, முடிவில் 0 உம் இல்லை, வெறும் வித்தியாசம்தான். மோதினால் அந்த ஸ்டெப்பின் ரிவார்டையே −100 என்று மேலெழுதிவிடுகிறார்கள். உலகமே அதில்தான் பழகுகிறது. தளத்துக்குப் பக்கத்தில் விழுவது தூரத்தில் விழுவதைவிடக் கொஞ்சம் மேல் என்றாவது அதில் தெரியும். உங்கள் முறையில் இரண்டும் ஒன்று. பழக ஆரம்பிக்கும்போது அந்த வித்தியாசம் உதவாதா?

மங்கை | மார்ச் 7, இரவு 9.40

உதவும். பல நேரம் வேகமாகவும் பழகும். அதற்கு விலை, ஓட்டை இல்லை என்ற உறுதி போய்விடும். எதை எடுப்பது என்பது ஆளைப் பொறுத்தது. நான் முதலில் உறுதியோடு ஆரம்பிப்பேன்.

நிலாமுற்றம் | மார்ச் 10, இரவு 10.05

வெற்றி! மங்கை சொன்ன முறை, கூடவே ரோட்டர்ராஜாவின் போனஸ் 1000 (கோபிக்க வேண்டாம்). தரையிறங்கும் விகிதம் 96 சதவீதம். மிதவை இல்லை, ஆட்டம் இல்லை. சராசரி எபிசோடு ஒரு நொடிக்கும் குறைவு.

ரோட்டர்ராஜா | மார்ச் 10, இரவு 10.11

சொன்னேன் அல்லவா.

மங்கை | மார்ச் 10, இரவு 10.30

ஒரு நொடிக்கும் குறைவா? 2 மீட்டரிலிருந்து சும்மா விழுந்தாலே 0.64 நொடி ஆகும் என்று கணக்குப் போட்டோம். `landed`, `crashed` இரண்டையும் எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று போடுங்கள்.

நிலாமுற்றம் | மார்ச் 10, இரவு 10.48

```python
landed  = touching and abs(vz) < 0.1 and tilt < 0.2
crashed = touching and (abs(vz) > 1.0 or tilt > 0.6)
```

தளத்தைத் தொட வேண்டும், செங்குத்து வேகம் 0.1 க்குக் கீழே, சாய்வு 0.2 ரேடியனுக்குக் கீழே. சரியாகத்தானே இருக்கிறது? வீடியோவிலும் வந்து டக்கென்று நிற்கிறது.

மங்கை | மார்ச் 10, இரவு 11.20

அந்த `vz` எப்போது அளந்தது? பைபுல்லட்டின் இயற்பியல் நொடிக்கு 240 முறை ஓடும். நீங்கள் 48 முறைதான் பார்க்கிறீர்கள். உங்கள் ஒரு ஸ்டெப்புக்குள் ஐந்து சின்ன ஸ்டெப். அதில் இரண்டாவதில் ட்ரோன் தரையில் மோதினால், மோதலைத் தீர்க்கும் பகுதி வேகத்தை அங்கேயே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஐந்தும் முடிந்து நீங்கள் கேட்கும்போது 0.0 என்று சொல்லும். குதிக்கும் தன்மை 0 ஆக இருந்தால் எவ்வளவு வேகமாக வந்து அறைந்தாலும் உங்கள் சோதனைக்கு அது பூப்போல இறங்கியதாகத்தான் தெரியும்.

தொட்ட ஸ்டெப்புக்கு முந்தைய ஸ்டெப்பின் `vz` ஐ எழுதிப் பாருங்கள்.

நிலாமுற்றம் | மார்ச் 10, இரவு 11.58

பெரும்பாலும் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல். பாதிக்கு மேல் 6 ஐத் தொடுகிறது.

சாய்வை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு நேராகத் தளத்தில் போய் அறைந்துகொள்ளக் கற்றிருக்கிறது. 96 சதவீதம்!

வயல்ட்ரோன் | மார்ச் 11, காலை 6.05

6 மீட்டர் வேகம் என்றால் காலும் கையும் தனித்தனியாகப் பொறுக்க வேண்டியதுதான்.

மங்கை | மார்ச் 11, காலை 8.30

ரிவார்டு சூத்திரத்தில் தப்பே இல்லை, அதற்குக் கொடுத்த அளவுதான் பொய். ஏஜென்ட் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் ரிவார்டின் எடைகளைத் திருகத் தோன்றும். அதற்குமுன் அந்த எண்கள் எங்கே, எந்த நேரத்தில் அளக்கப்படுகின்றன என்று பாருங்கள். இப்படி எழுதலாம்:

```python
hit = 0.0
for _ in range(5):
    apply_motors()
    v_before = p.getBaseVelocity(drone)[0][2]
    p.stepSimulation()
    if p.getContactPoints(drone, pad):
        hit = max(hit, -v_before)
```

`apply_motors` அந்த `for` சுழற்சிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து கொடுக்கும் விசையைப் பைபுல்லட் ஒவ்வொரு ஸ்டெப்புக்குப் பிறகும் மறந்துவிடும். வெளியே வைத்தால் ஐந்தில் ஒரு ஸ்டெப்புக்குத்தான் மோட்டார் ஓடும். மோதலை இனி `hit > 1.0` என்று சோதியுங்கள்.

குதிக்கும் தன்மையை 0 இலிருந்து மாற்றினால் இன்னொன்று வரும். மோதி எழும்பி, மறுபடி விழுவதற்கு முன் உச்சியில் வேகம் பூஜ்யம். உயரத்தை வைத்துத் தொட்டதா என்று சோதிப்பவர்களிடம் அந்த ஒரு கணமே இறக்கம் என்று பதிவாகும். அதனால் இறங்கியது என்பதை ஒரு கணத்தில் தீர்மானிக்க வேண்டாம். தொடர்ந்து அரை நொடி, 24 ஸ்டெப், தொட்டபடி, சாயாமல், மோட்டார் தாழ்ந்து இருக்க வேண்டும். நிஜ ட்ரோன்களிலும் அப்படித்தான். ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டில் தரையிறங்கியதைக் கண்டறியும் பகுதி, நிபந்தனைகள் ஒரு நொடி தொடர்ந்து நிலைத்த பிறகுதான் மோட்டாரை நிறுத்த ஒப்புக்கொள்ளும்.

நிலாமுற்றம் | மார்ச் 14, இரவு 9.10

மாற்றிவிட்டேன். போனஸ் திரும்பவும் 100. இப்போது உண்மையான இறக்கம். மெதுவாக வருகிறது, தொடுகிறது, நிற்கிறது.

ஆனால் உற்றுப் பார்த்தால், சரியாக 5 செ.மீ. உயரத்தில் மோட்டாரை அணைத்துவிட்டு மீதியை விழுந்து முடிக்கிறது. ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. இந்த எண்ணை நான் எங்கேயும் எழுதவில்லை.

மங்கை | மார்ச் 14, இரவு 9.35

எழுதியிருக்கிறீர்கள். `hit > 1.0` என்றால் மோதல். 1.0 ஐ அடைய எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? 1 / (2 × 9.8) = 0.051 மீட்டர். வரம்பு எங்கே இருக்கிறது என்று அளந்து அதன் விளிம்பில் நிற்கிறது. சீக்கிரம் முடித்தால் போனஸின் தள்ளுபடி குறைவு, அதனால் அந்த அவசரம்.

0.5 ஆக்கினால் ஒன்றே கால் செ.மீ. உயரத்தில் அணைக்கும். ஆர்டுபைலட்டில் கடைசி இறக்கத்தின் வேகம், `LAND_SPEED`, இயல்பாக நொடிக்கு 50 செ.மீ. அதை அளவாக எடுக்கலாம். இல்லையென்றால் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் 0, அந்தப் பக்கம் −100 என்று வைக்காமல், `hit` இன் வர்க்கத்துக்கு ஏற்பப் போனஸைக் குறைக்கலாம். விளிம்பு இருந்தால் அதன்மேல் ஏறி நிற்கும்.

பிஐடிபோதும் | மார்ச் 14, இரவு 10.02

இது ஓட்டையே இல்லை. 5 செ.மீ. விழுந்தால் என்ன உடைந்துவிடும்? மோதல் வேகம் 1.0 வரை சரி என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அது கேட்டுக்கொண்டது. தனக்குப் பிடிக்காததையெல்லாம் ஓட்டை என்று சொல்லக்கூடாது.

வயல்ட்ரோன் | மார்ச் 15, காலை 6.30

தம்பி, நிஜத்தில் நாங்களும் தரைக்கு மிகப் பக்கத்தில் வந்ததும் த்ராட்டிலைச் சட்டென்று குறைத்துவிடுவோம். தரைக்குப் பக்கத்தில் விசிறிக் காற்று கீழே முட்டித் திரும்பி ட்ரோனைத் தூக்கும், பக்கவாட்டில் தள்ளும். அங்கே தயங்கி நின்றால்தான் கவிழும். உங்கள் கம்ப்யூட்டர் ட்ரோன் செய்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மங்கை | மார்ச் 15, காலை 10.10

வயல்ட்ரோன் சொல்லும் அந்தத் தரைக்காற்று இவர் சிமுலேட்டரில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்ட் அணைப்பதற்குக் காரணம் அது அல்ல. உயரம் மில்லிமீட்டருக்குத் தெரியும் உலகத்தில் 5 செ.மீ. என்பது பாதுகாப்பு. உயரத்தில் 10 செ.மீ. பிழை வரும் ஆடும் படகில் அதே பாலிசி 15 செ.மீ. இலிருந்து விழும், அது நொடிக்கு 1.7 மீட்டர். ஓட்டையா, திறமையா என்பது அடுத்து எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிஐடிபோதும் சொல்வதை முழுதாக மறுக்க மாட்டேன்.

பிஐடிபோதும் | மார்ச் 15, காலை 10.25

அப்படியானால் உயரத்தில் இரைச்சல் சேர்த்துப் பழக்குங்கள், தானே திருந்தும். ரிவார்டைத் தொடாதீர்கள்.

மங்கை | மார்ச் 15, காலை 10.40

அதையும் செய்ய வேண்டும். அது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலாமுற்றம் | மார்ச் 16, இரவு 11.15

இரண்டையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்கிறேன். தரைக்காற்று என் சிமுலேட்டரில் அணைத்துத்தான் இருந்தது, அதையும் சேர்க்கிறேன்.

இதற்கு நடுவே ஒன்று கேட்க வேண்டும். இந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் வீடியோ பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், அந்த 6 மீட்டர் அறையை வீடியோவிலும் பிடிக்க முடியவில்லை. நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள்?

மங்கை | மார்ச் 17, மதியம் 1.05

மொத்த ரிவார்டை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அது ஏறும், ஏறத்தானே பழக்குகிறோம். ஒவ்வொரு பகுதியையும் தனியாக எழுதி வைப்பேன்: வழிகாட்டும் பகுதி எவ்வளவு, போனஸ் எவ்வளவு, மோதல் எவ்வளவு. உங்கள் மிதவையில் போனஸ் பகுதி தரையோடு தரையாக இருந்திருக்கும், மொத்தம் மட்டும் ஏறியிருக்கும். முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

எபிசோடின் நீளத்தையும் பார்ப்பேன். 480 இல் ஒட்டிக்கொண்டால் மிதவை, 31 இல் ஒட்டிக்கொண்டால் விழுதல். இரண்டும் உங்களுக்கு வந்தது.

ரிவார்டு எழுதிய கோடையே வெற்றியை அளக்கவும் பயன்படுத்த மாட்டேன். உங்கள் 96 சதவீதம் அதே `landed` ஐ எண்ணியதுதான். அது ஏமாந்தால் இதுவும் ஏமாறும். எபிசோடு முடிந்தபின் 240 ஹெர்ட்ஸ் பதிவை எடுத்து, தொட்ட வேகம், நின்ற இடம், சாய்வு, ஒரு நொடி கழித்தும் நிற்கிறதா என்று தனியாகக் கணக்கிடும் சின்ன நிரல் ஒன்று இருக்க வேண்டும். அதை ஏஜென்ட் பழகும்போது பார்க்கவே கூடாது. ரிவார்டு ஏறி இது ஏறாமல் நின்றால் எங்கோ ஓட்டை.

வீடியோவில் சராசரி எபிசோடைப் பார்க்காதீர்கள். மிக அதிக ரிவார்டு வாங்கிய சிலவற்றைப் பாருங்கள், கால் வேகத்தில் ஓட்டி.

ரோட்டர்ராஜா | மார்ச் 17, மதியம் 1.40

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருந்தால் நான் அந்த 1000 ஐயே சொல்லியிருக்க மாட்டேன்.

பிஐடிபோதும் | மார்ச் 17, மதியம் 1.44

சொல்லியிருப்பீர்கள்.

நிலாமுற்றம் | மார்ச் 21, இரவு 10.20

தனி அளவுகோல் எழுதினேன். தரைக்காற்று, உயர இரைச்சல், வர்க்கப் போனஸ் மூன்றும் சேர்ந்தபின் தொட்ட வேகம் பெரும்பாலும் 0.4 க்குக் கீழே. அணைக்கும் உயரமும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. இரைச்சல் மட்டும் சேர்த்த ஓட்டத்திலும் விளிம்பில் நிற்பது குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. பிஐடிபோதும் பாதி ஜெயித்தார்.

புதிதாக ஒன்று: இறங்கும்போது பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே வருகிறது. நொடிக்கு ஒரு சுற்றுக்கு மேல். சாய்வு சரி, வேகம் சரி, இடம் சரி. சுழற்சியைப் பற்றி ரிவார்டில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது புரிகிறது. தண்டனை சேர்க்க வேண்டுமா, இல்லை விட்டுவிடலாமா? சுற்றுவதால் அதற்கு ஏதாவது லாபம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

மங்கை | மார்ச் 21, இரவு 11.00

லாபம் இருக்கத் தேவையில்லை. சுற்றாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் அதற்குத் தரப்படவில்லை. கேமராவோ திசையோ எதுவும் அதன் உள்ளீட்டில் இல்லையென்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். சோதிக்க வேண்டுமென்றால், முடிந்த பாலிசியில் சுழற்சியை மட்டும் வலுக்கட்டாயமாகப் பூஜ்யமாக்கி ஓட்டி, தனி அளவுகோல் மோசமாகிறதா பாருங்கள்.

வயல்ட்ரோன் | மார்ச் 22, காலை 6.15

சுற்றிக்கொண்டே இறக்கினால் கால் தரையில் உராய்ந்து ஒரு பக்கம் பிடித்துக் கவிழும். ஈரமான படகுத் தளத்தில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

நிலாமுற்றம் | மார்ச் 22, காலை 9.00

என் தளத்தின் உராய்வு எண்ணைப் பார்த்தேன். இயல்பாக இருந்ததை நான் மாற்றவே இல்லை. முதலில் அதைக் குறைத்தும் கூட்டியும் ஓட்டிவிட்டு, சுழற்சியை நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.